350 பக்கப் புத்தகம், ஒரு பக்கத் தாள்: நான்கு முறை கெடுத்து ஐந்தாம் முறை சரிவந்தது

போன திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்த பிறகும் லாஸ்டிங் மேஸ்திரி அண்ணன், ஷூவின் முன்பக்கத் தோலை அச்சின்மேல் இழுத்துப் பொருத்தும் டோ லாஸ்டிங் மெஷினை நிறுத்தவில்லை. அந்த மெஷினை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆளை முன்கூட்டியே சாப்பிட அனுப்பியிருந்தார். அவன் வந்து நின்றதும் ஆபரேட்டர் கிளம்பினார். மெஷின் ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. அண்ணனின் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தாளை நான் எழுதி முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. எப்படி எழுதினேன் என்பதைவிட எப்படியெல்லாம் கெடுத்தேன் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பிளானிங் வேலை. வீடு காட்பாடி. தினமும் ரயிலில்தான் போய் வருகிறேன். எங்கள் மேனேஜர் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு ஆங்கிலப் புத்தகத்தோடு திரும்பினார். எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் ஜெஃப் காக்ஸுடன் சேர்ந்து எழுதிய 'தி கோல்'. "சூப்பர்வைசர் எல்லாரும் படிக்கணும்" என்று மேஜைமேல் வைத்தார். பதினொரு சூப்பர்வைசர்கள். இரண்டு வாரம் கழித்தும் புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது, மேலே டீ கிளாஸ் வட்டம் ஒன்று மட்டும் கூடுதல். "நீதான் ரயில்ல சும்மா உட்கார்ந்து வர்றியே, படிச்சு ஒரு பக்கத்துல எழுதிக் குடு" என்று என் தலையில் கட்டினார்.

அவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொண்டேன். A4 தாளில் ஒரே பக்கம். தமிழில். லைனில் நின்றபடி ஐந்து நிமிஷத்தில் படிக்கும்படி. இந்த மூன்றையும் எழுதி வாங்கியதுதான் முழு வேலையிலும் நான் முதலிலேயே சரியாகச் செய்த ஒரே காரியம்.

முதல் தடவை வழக்கம்போல மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகம் நாவல் வடிவில் இருக்கிறது. அலெக்ஸ் ரோகோ என்று ஒரு தொழிற்சாலை மேனேஜர். ஆர்டர் எல்லாம் தாமதம், குடோன் நிறைய சரக்கு, கையில் காசில்லை. மூன்று மாதத்தில் நிமிர்த்தாவிட்டால் இழுத்து மூடிவிடுவோம் என்கிறார் மேலதிகாரி. ஜோனா என்ற பழைய ஆசிரியர் ஒருவர் விடை சொல்லாமல் கேள்வியாகக் கேட்டே வழி காட்டுகிறார். நடுவில் ரோகோவின் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறாள். நான் லத்தேரி தாண்டும்போது கோடு போட ஆரம்பித்தால் ஆம்பூர் வரும்வரை நிறுத்தமாட்டேன். கதை நன்றாகப் போகிறதே என்று எல்லாவற்றுக்கும் கோடு. முடிவில் ஹைலைட்டர் வற்றிவிட்டது. புத்தகம் முழுக்க மஞ்சள் பூசினால் வெள்ளைத்தாள் மஞ்சள்தாள் ஆனதுதான் மிச்சம், எது முக்கியம் என்பது தெரியவே இல்லை.

அந்த மஞ்சளை வைத்து அத்தியாய வாரியாகச் சுருக்கி எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தது. வெட்டி வெட்டி ஐந்துக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கீழே இறங்க மறுத்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. ஆசிரியர் கதையை வைத்திருக்கும் வரிசை, வாசகர் தானே கண்டுபிடித்ததுபோல உணர வேண்டும் என்பதற்காகப் போட்டது. முதலில் தப்பான விடை, பிறகு கேள்வி, பிறகு பாதி விடை என்று போகும். அந்த வரிசையிலேயே சுருக்கினால் தப்பான விடைகளையும் சேர்த்துத்தான் சுருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தடவை செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐந்து பக்கத்தை ஒரு பக்கமாக்க எழுத்தின் அளவைக் குறைத்தேன். 12-லிருந்து 8-க்கு. ஓரம் நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர். அப்படியும் பிதுங்கியது, கொஞ்சம் வெட்டியதும் அடங்கிவிட்டது. எனக்குப் பெரிய சாதனை மாதிரி இருந்தது. ஷூவின் மேல்தோலைத் தைக்கும் க்ளோசிங் பிரிவில் பெரிய லைன் பார்க்கும் அக்காவிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார்.

"இன்னா தம்பி இது, எறும்பு ஊர்ற மாதிரி கீது. கண்ணாடி வேற வூட்டுல கீது. நீயே சொல்லிட்டுப் போ, இன்னா போட்டுக்குது இதுல?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. "இதத்தான எழுதணும், எதுக்கு இம்மாம் எழுதிக்கினு" என்றார் அக்கா. அந்த நாலு வாக்கியத்தை அன்றைக்கே எழுதி வைத்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். எழுதவில்லை. திரும்பி மேஜைக்கு வந்ததும் மறந்துவிட்டது.

அளவு பற்றி ஒரு கணக்கு மட்டும் அன்று எடுத்தேன். 12 அளவில், சுற்றி 2 செ.மீ. ஓரம் விட்டு, பத்திக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டால் ஒரு A4 பக்கத்தில் தமிழில் சுமார் 300 சொல்தான் வசதியாக நிற்கிறது. தமிழ்ச் சொல் நீளம், ஆங்கிலத்தில் அதே தாளில் இன்னும் நிறையப் பிடிக்கும். ஆகவே எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பக்கம் இல்லை, 300 சொல். தலைப்பு, ஒரு கணக்கு, கீழே எழுத இடம் எல்லாம் போக 250. இந்த எண் தெரிந்த பிறகு எழுத்தின் அளவில் கை வைக்கவே இல்லை.

மூன்றாவது தடவை அடுத்த கோடிக்குப் போனேன். கதையே வேண்டாம், சாரம் மட்டும் போதும் என்று முடிவு. ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை நாலாக வெட்டி முப்பது சீட்டு செய்தேன். புத்தகம் சொல்லும் ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு சீட்டில் ஒரே வாக்கியமாக எழுதி, பின்பக்கம் அது எதனால் என்று எழுதினேன். 'எதனால்' எழுத முடியாத சீட்டைக் கிழித்துப் போட்டேன். இந்த உத்தி நன்றாக வேலை செய்தது, இப்போதும் இதைத்தான் செய்கிறேன். முப்பது சீட்டு பதினொன்றாயிற்று. தரையில் பரப்பிப் பார்த்தால் பதினொன்றில் ஒன்பது சீட்டு ஒரே சீட்டின் பிள்ளைகள். அந்தத் தாய்ச்சீட்டு இதுதான்: ஒரு தொடர் வேலையில் எல்லா இடமும் ஒரே வேகம் இல்லை, மிக மெதுவான ஒரு இடம்தான் மொத்தத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

அதிலிருந்து புத்தகம் கடைசியில் வந்து சேரும் ஐந்து படிகளை அப்படியே எடுத்துப் போட்டேன். தடை எது என்று கண்டுபிடி. இருக்கிற தடையிலிருந்து முழுசாக வேலை வாங்கு. மற்ற எல்லாவற்றையும் அதன் வேகத்துக்கு அடக்கு. பிறகும் போதாவிட்டால் அதன் திறனைக் கூட்டு. தடை அங்கிருந்து நகர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கு, பழைய பழக்கமே புதுத் தடை ஆகாமல் பார்த்துக்கொள். 120 சொல்லில் முடிந்தது. அழகான தாள். மாலையில் ஐந்து பேரிடம் கொடுத்தேன். எல்லோரும் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். "நல்லா கீதுப்பா."

தலையாட்டலை நம்பாமல் மறுநாள் ஒரு சோதனை வைத்தேன். தாளைத் திருப்பி வைக்கச் சொல்லி மூன்று கேள்வி. நம்ம கம்பெனியில் மெதுவான இடம் எது? அங்கே நாளைக்கு என்ன மாற்றுவீர்கள்? உங்கள் பிரிவில் எதை நிறுத்துவீர்கள்? ஐந்து பேரில் மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு இடம். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே: "இன்னும் ஆள் போடணும்." அதாவது நாலாவது படி. இரண்டாவதும் மூன்றாவதும் ஒருவர் மனதிலும் தங்கவில்லை. ஆனால் புத்தகத்தின் உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு மட்டும் இந்தப் படிகள் எப்படி மறக்காமல் இருக்கின்றன? சிறுவர்களின் மலைநடையால்தான். ரோகோ சாரணர் பையன்களை ஒரு வரிசையில் காட்டுவழியே கூட்டிப் போகிறான். ஹெர்பி என்ற கனமான பையன் மெதுவாக நடக்கிறான். முன்னால் போகிறவர்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் வரிசைதான் நீள்கிறதே தவிர, கூட்டம் சேர்ந்து ஊர் போய்ச் சேரும் நேரம் ஹெர்பியின் கையில்தான் இருக்கிறது. கடைசியில் ஹெர்பியை முன்னால் நிறுத்துகிறார்கள், வரிசை கலையாமல் நடக்கிறது. அவன் மூட்டையில் இருக்கும் கனமான சாமான்களை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள், மொத்தக் கூட்டமும் வேகம் பிடிக்கிறது. முன்னால் நிறுத்தியது மூன்றாம் படி. மூட்டையைப் பிரித்தது தடையின் திறனைக் கூட்டியது. இந்த ஒரு கதையைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் நான் 'சாரம்' எழுதியிருந்தேன். சுருக்கத்தில் கதைக்கு இடமில்லை என்று நினைத்தது என் தப்பு. நாற்பது சொல்லில் சொல்லிவிடக்கூடிய ஒரு கதை, ஐந்து படியின் விளக்கத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. மற்ற கதைகளுக்கு இடமில்லை. தீக்குச்சியும் தாயக்கட்டையும் வைத்து ஆடும் விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்துவிட்டேன். மனைவி கதையையும் எடுத்துவிட்டேன், ஆனால் அவள் திரும்பி வருகிறாளா என்று க்ளோசிங் அக்கா இன்னமும் கேட்கிறார்.

நாலாவது தடவை ஹெர்பியோடு சேர்த்து எழுதினேன். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஏனென்றால் இது பார்க்கச் சரியாக இருந்தது.

புத்தகம் ஒரு கம்பெனியை மூன்றே அளவால் அளக்கிறது. அதில் முதல் அளவுக்கு ஆங்கிலத்தில் த்ரூபுட் என்று பெயர். கம்பெனி விற்பனை மூலம் பணம் ஈட்டும் வேகம் என்பது அதற்கு ஆசிரியர் கொடுக்கும் பொருள். 'விற்பனை மூலம்' என்று அவர் வேண்டுமென்றேதான் போடுகிறார். செய்து அடுக்கி விற்காமல் கிடப்பது அவர் கணக்கில் இரண்டாவது அளவான சரக்கு, உள்ளே மாட்டிக்கொண்ட பணம். மூன்றாவது, அந்தச் சரக்கைப் பணமாக்க ஆகும் செலவு. நான் த்ரூபுட்டுக்கு 'உற்பத்தி' என்று எழுதினேன். சொல் சின்னது, எல்லோருக்கும் தெரிந்தது, இடமும் மிச்சம். தாளின் முதல் வரி இப்படி அமைந்தது: "உற்பத்தியைக் கூட்டு, சரக்கைக் குறை, செலவைக் குறை."

கட்டிங் பிரிவு பாய் எதையும் ஊன்றிப் படிப்பவர். முதல் வரியைப் படித்தார், சரி என்று கிளம்பினார். அந்த வாரம் முழுக்க தோல் வெட்டும் கிளிக்கிங் பிரெஸ் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினார். நல்ல மனிதர், மெஷின் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காதவர். வெட்டின தோல் பீஸ் எல்லாம் சைஸ் வாரியாகக் கட்டு கட்டாக ரேக்கில் ஏறியது. ரேக் நிறைந்து கிரேட்டில் ஏறியது, கிரேட் நடைபாதைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பையர் தரப்பிலிருந்து போன். பிரவுன் அப்புறம் போகட்டும், கறுப்பு முதலில் வேண்டும் என்றார்கள். வெட்டி வைத்தது சுமார் 400 ஜோடி, அத்தனையும் பிரவுன். அது பன்னிரண்டு நாள் அப்படியே கிடந்தது. அதைத் தேடி எடுக்கும்போது இரண்டு கட்டில் இடதுகாலின் முன்பக்கத் தோலான வேம்ப் காணோம்.

"நீதானப்பா எழுதியிருந்த, உற்பத்தியக் கூட்டுன்னு?" என்று பாய் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது.

புத்தகம் சொல்வதற்கு நேர் எதிரானதை என் தாள் சொல்லியிருக்கிறது. தடை இல்லாத இடத்தை ஓயாமல் ஓட்டினால் சரக்குதான் குவியும் என்று நிரூபிக்கத்தான் அவர் பாதிப் புத்தகத்தைச் செலவழிக்கிறார். 350 பக்கத்தில் ஒரு சொல் தப்பாக இருந்தால் அடுத்த அத்தியாயம் அதைத் திருத்திவிடும். 250 சொல் தாளில் திருத்துவதற்கு அடுத்த பக்கம் இல்லை. அன்று முதல் சீட்டு வேலையில் ஒரு கூடுதல் படி வைத்தேன். ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் நேராக, "இதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் என்ன?" என்று எழுதிப் பார்ப்பது. 'உற்பத்தி'க்கு நேரே இதை எழுதியிருந்தால் கட்டிங் ரேக் அப்போதே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். த்ரூபுட் இப்போது 'விற்று உள்ளே வரும் பணம்' ஆயிற்று. மூன்று சொல் கூடுதல், போகட்டும்.

ஐந்தாவது தடவைக்கு முன்னால் ஒரு கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. புத்தகத்தில் தடையான மெஷினின் ஒரு மணி நேரம் என்ன விலை என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. கணக்குப் பிரிவு வழக்கமான மணிநேரச் செலவைச் சொல்கிறது, அது சின்னத் தொகை. ஜோனா அதை ஒப்புக்கொள்வதில்லை. தடை நின்றால் மொத்தத் தொழிற்சாலையும் நின்றதுதான், ஆகவே மொத்தச் செலவை அந்த மெஷின் ஓடும் மணிக்கு வகுக்கச் சொல்கிறார். மாதம் 16 லட்சம் டாலர், 585 மணி. மணிக்கு 2,735 டாலர் வருகிறது. எல்லோருக்கும் அங்கேதான் தூக்கிவாரிப் போடுகிறது. நான் முதலில் இதை அப்படியே எழுதியிருந்தேன். டாலர் யாரையும் தொடவில்லை. ரூபாய்க்கு மாற்றினேன், "கம்பெனி காசு" என்றார்கள். கடைசியில் லாஸ்டிங் அண்ணன்தான் வழி காட்டினார். "எங்களுக்கு ஜோடில சொல்லு தம்பி."

டோ லாஸ்டிங் மெஷின் எங்களிடம் ஒன்றுதான். இப்போது ஓடும் ஆர்டிகிளுக்கு, அதாவது ஷூ மாடலுக்கு, மணிக்கு 75 ஜோடி, எட்டு மணி நேர ஓட்டத்தில் 600. சாப்பாட்டுக்கு அரை மணி நிறுத்தினால் 37 ஜோடிக்குக் கொஞ்சம் மேலே போகிறது. மாதம் 26 நாளுக்கு 975 ஜோடி. ஒன்றரை நாள் உற்பத்திக்கும் மேல், சாப்பாட்டு மணியில் போகிறது. அண்ணன் இதை ஒரு தோல் துண்டின் பின்பக்கம் தானே போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். முதல் பத்தியில் சொன்ன திங்கட்கிழமை அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. புத்தகத்திலும் தடை மெஷினின் ஓய்வு நேரத்தைத்தான் முதலில் மாற்றுகிறார்கள், ஆளின் ஓய்வைக் குறைக்காமல்.

அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது, அதுவும் எங்களுக்குப் பொருந்தியது. தரப் பரிசோதனையைத் தடைக்கு முன்னால் வைப்பது. தையல் பிசகின அப்பரை, அதாவது தைத்த மேல்தோலை, லாஸ்டிங்குக்கு அப்புறம் கண்டுபிடித்தால் அதற்காக மெஷின் செலவழித்த நேரம் போனது போனதுதான். முன்னாலேயே எடுத்துவிட்டால் அப்பர் மட்டும்தான் நஷ்டம்.

தாளில் எதை எழுதக்கூடாது என்பதையும் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். "நம்ம தடை டோ லாஸ்டிங்" என்று அச்சடித்திருந்தேன். க்ளோசிங் அக்கா அடித்துவிட்டார். சாதாரண டெர்பி மாடல் ஷூ ஓடும்போது அது சரி. துளையும் தையலும் நிறைந்த ப்ரோக் ஆர்டிகிள் வந்தால் க்ளோசிங்தான் திணறும், லாஸ்டிங் கை கட்டி நிற்கும். புத்தகத்தில் வரும் தொழிற்சாலையில் ஒரு மெஷினும் சூட்டு உலையும் கதையின் பெரும்பகுதிக்குத் தடையாகவே இருக்கின்றன. எங்களுக்கு ஆர்டிகிள் மாறினால் ஹெர்பியும் மாறுகிறான். ஆகவே அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் விட்டேன். வாரா வாரம் பென்சிலால் அவர்களே நிரப்ப வேண்டும். கணக்கும் ஒரு உதாரணமாக மட்டும் நிற்கிறது.

இன்னொரு முள் மிச்சமிருந்தது. மற்ற இடங்களைத் தடையின் வேகத்துக்கு அடக்கு என்றால் சில நேரம் அவை சும்மா நிற்கும் என்று பொருள். "சும்மா நின்னா எங்க எஃபிஷியன்ஸில அடிப்பாங்களே, அத யாரு கேக்கறது?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குத் தாளில் பதில் இல்லாவிட்டால் தாள் குப்பைக்குத்தான். மேனேஜரிடம் போனேன். இரண்டு நாள் யோசித்தார். சரக்கு வராமல் நின்ற நேரம் லைன் செயல்திறன் கணக்கில் சேராது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அப்படியே கீழே ஒட்டினேன். அந்த வரி புத்தகத்தில் இல்லாதது. கட்டிங்கில் பீஸ் கணக்கில் ஊக்கத்தொகை வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் தீரவில்லை. பாய் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது தாள் ஏறக்குறைய முழுசாக இதுதான்:

> மெதுவான இடம்தான் நம்ம வேகம்
>
> நாம் கவனிக்க வேண்டியது மூன்று: விற்று உள்ளே வரும் பணம் கூட வேண்டும். விற்காமல் உள்ளே கிடக்கும் சரக்கு குறைய வேண்டும். நடத்தும் செலவு குறைய வேண்டும். வெட்டி அடுக்கியது, தைத்து அடுக்கியது எல்லாம் சரக்குதான், வரவு இல்லை.
>
> பையன்கள் வரிசையாக மலைப்பாதையில் நடக்கிறார்கள். ஹெர்பி மெதுவாக நடப்பவன். முன்னால் இருப்பவர்கள் ஓடினால் வரிசை நீளும், கூட்டம் சீக்கிரம் சேராது. ஹெர்பியை முன்னால் விட்டார்கள், வரிசை கூடியது. அவன் மூட்டையைப் பகிர்ந்துகொண்டார்கள், எல்லோரும் வேகமானார்கள்.
>
> இந்த வாரம் நம்ம ஹெர்பி: ______________
> (எந்த இடத்துக்கு முன்னால் சரக்கு குவிந்து, பின்னால் ஆள் காத்திருக்கிறார்களோ, அது.)
>
> ஹெர்பியை நிறுத்தாதே. சாப்பாடு, டீ நேரத்தில் ஆள் மாற்று. கெட்ட பீஸ் அதற்குள் போகாமல் முன்னாலேயே பார்.
>
> ஹெர்பி வேகத்துக்கு மேல் முன்னால் யாரும் வெட்டாதே, தைக்காதே. அவனுக்கு முன்னால் அரை நாள் சரக்கு போதும்.
>
> இதெல்லாம் செய்தும் போதாவிட்டால்தான் ஆளும் மெஷினும் கேட்க வேண்டும்.
>
> ஆர்டிகிள் மாறினால் ஹெர்பி மாறுவான். திங்கட்கிழமை காலை மறுபடி பார்.
>
> ஒரு கணக்கு: மணிக்கு 75 ஜோடி × அரை மணி × 26 நாள் = 975 ஜோடி.

அரை நாள் சரக்கு என்பது நாங்கள் எங்களுக்காகப் போட்ட அளவு. புத்தகம் இந்த எண்ணைச் சொல்லவில்லை. ஐந்து படியில் 'கண்டுபிடி' என்று வெறுமனே போட்ட இடத்தில், எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அந்த அடைப்புக்குறி வரியைச் சேர்த்தது நல்ல முடிவு. மூன்றாவது தடவை ஆளுக்கொரு இடம் சொன்னவர்கள் இப்போது நேரே நடந்து போய் எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள்.

அதே மூன்று கேள்விகளை வைத்து மறுபடி சோதித்தேன். போனில் நேரம் வைத்தேன். படிக்க மூன்றரையிலிருந்து ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்து பேரில் நாலு பேர் மூன்றுக்கும் சொன்னார்கள். ஐந்தாமவர் பேக்கிங். "எங்களுக்கு இதுல இன்னா வேலை?" என்றார். அவர் கேட்டது சரி, கடைசிப் பிரிவுக்கென்று தாளில் ஒன்றும் இல்லை. இன்னும் எழுதவில்லை.

செலவு: ஹைலைட்டர் இரண்டு, 60 ரூபாய். தெரு முனைக் கடையில் ஜெராக்ஸ் ஐந்து தடவைக்கும் சேர்த்து 130 ரூபாய். பதினொரு தாளுக்கு லேமினேஷன் 220 ரூபாய், அது வீண். லேமினேட் பண்ணினால் மடிக்க முடியவில்லை, பென்சிலாலும் எழுத முடியவில்லை. மறுபடி சாதாரணத் தாளில் அச்சடித்தேன். நேரம்: படிக்க ரயிலில் பதினெட்டு நாள். எழுதியது மொத்தம் இருபது மணிக்கு மேல். அதில் ஐந்தாவது தாளுக்கு ஆனது இரண்டரை மணிதான்.

அடுத்த புத்தகம் ஏற்கெனவே மேஜைக்கு வந்துவிட்டது. அதற்கு ஹைலைட்டர் வாங்கப் போவதில்லை. முதல் முறை கையில் பென்சில்கூட இல்லாமல் படிக்கப் போகிறேன். படித்து முடித்த அன்றே, அக்காவின் லைனில் நின்று வாயால் சொல்லிவிட்டு, போனில் அதைப் பதிவு செய்துகொள்ளப் போகிறேன். அதிலிருந்து சீட்டு எழுதுவேன். முதல் வரைவை ஒருவரிடமாவது இரண்டாம் நாளே கொடுத்துவிடுவேன், அழகாக்கிவிட்டுக் கொடுப்பதில்லை. மொழிபெயர்த்த சொல் எதையும் பாயிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. அவர்தான் எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து காட்டுவார்.

கோடு போட்ட இடத்தில் இந்த வாரம் பென்சிலால் 'க்ளோசிங், 3-வது லைன்' என்று எழுதியிருக்கிறது. அக்காவின் கையெழுத்து. லாஸ்டிங் அண்ணன் தன் ஆள் ஒருவனை அங்கே உதவிக்கு அனுப்பியிருக்கிறார்.